பனங்கட்டிப் பாணி ஆறு மாசம் நிக்குமா?

“பனங்கட்டி போட்டு ஆடாதோடைப் பாணி காய்ச்சினா ஃப்ரிஜ்ல ஆறு மாசம் நிக்கும், சீனி போட்டாத்தான் கெடும்.”

இது பிழை. பாணியைக் காப்பது இனிப்பின் வகையில்லை, தண்ணிக்கு எவ்வளவு இனிப்பு என்பதுதான். இலையும் இஞ்சியும் போட்டு 400 மில்லி தண்ணியை 200 ஆக வற்ற வைத்து, வடித்து, அளந்த பிறகே இனிப்பைச் சேருங்கள். அந்த 200க்கு 100 கிராம் போட்டால் ஒரு கிழமைக்கு மேல் வைக்காதீர்கள். வடித்த தண்ணிக்குச் சரிக்குச் சரி இனிப்புப் போட்டால் போதும் என்று இங்கே எழுதிய அண்ணன் சொன்னது பாதி சரி: 200 கிராம் இரண்டு கிழமைக்குத்தான் போதும். 400 கிராம் சீனி போட்டால் இரண்டு மாதம் நம்பலாம்.

நம்ம மட்டக்களப்புச் சந்தைப் பனங்கட்டியில் ஈரமும் மண்ணும் இருக்கும். அதனால் கரைத்ததும் துணியில் வடித்து, மறுபடி ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பனங்கட்டியையும் அதே 400 கிராம் போட்டாலும் ஒரு மாதத்தோடு நிறுத்துவது நல்லது. அதிகம் காய்ச்சினால் அடியில் கல்லாக உறையும்.

பாணிப் போத்தலின் மூடி திறக்கையில் “டஸ்” என்றது என்று இங்கே எழுதிய தங்கச்சி, அது புளித்த வாயு. திரும்பக் கொதிக்க வைக்காமல் ஊற்றிவிடுங்கள். ஈரப் போத்தலா, ஈரக் கரண்டியா காரணம் என்று இங்கிருந்து சொல்ல ஏலாது. கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை வேண்டாம்.