சீனி 8 என்றால் எந்த 8?

கோயில் மண்டபத்திலோ தாமான் சமூகக் கூடத்திலோ இனிப்பு நீர் பற்றிப் பேச வருகிறவர்கள் பலரிடம் ஒரு பழக்கம் உண்டு. எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பற்றிச் சொல்லும் இடம் வந்ததும், "அதெல்லாம் டாக்டர் பாஷை, விடுங்க. மூணு மாசத்து சீனின்னு வெச்சுக்குங்க" என்று தாண்டிவிடுவார்கள். கேட்பவர்களுக்கு வேலையைக் குறைத்ததாக நினைப்பு. என்னைக் கேட்டால், அந்தக் காலைப்பொழுதில் நடக்கும் பெரிய தவறே அதுதான்.

ஏன் என்று எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். ஓர் அம்மா சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டில் விரல் குத்திப் பார்க்கிறார். 8.2 வருகிறது. இது மில்லிமோல் கணக்கு. அந்த நிமிடம் ரத்தத்தில் ஓடுகிற சீனி. இனிப்பு நீர் உள்ளவருக்கு அந்த நேரத்தில் அது பதறவேண்டிய எண் இல்லை. அதே வாரம் கிளினிக் தாளில் எச்பிஏ1சி 8.2 என்று வருகிறது. இது விழுக்காடு. விரல் குத்தும் கருவியின் கணக்குக்கு மாற்றினால், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரி ஏறக்குறைய 10.4. அது நிச்சயம் அதிகம். இரண்டையும் வெறும் "சீனி" என்று சொல்லிக்கொடுத்தால் அந்த அம்மா என்ன நினைப்பார்? "ரெண்டும் எட்டுதானே, நல்லாத்தானே இருக்கு, டாக்டர் எதுக்கு மாத்திரையைக் கூட்டுறாரு?" கேள்வியில் தப்பே இல்லை. இரண்டையும் பிரித்துக் காட்டும் பெயரைப் பேச்சாளர்தான் அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

ஆகவே தாளில் அச்சாகி வருகிற பெயரைத் தள்ள முடியாது. சொல்லித்தான் ஆகவேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

பாதிப் பேர் எழுத்துகளை விரித்துச் சொல்லிவிட்டு விளக்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள். கிளைக்கேட்டட் ஹீமோகுளோபின் என்று விரித்தால் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும்தான் விளங்கும். "சர்க்கரையேற்றப்பட்ட குருதிச் சிவப்பணுப் புரதம்" என்று தமிழாக்கினாலும் அதே கதை. கூடவே, கிளினிக்கில் மிஸ்ஸியிடம் போய்ச் சொல்ல முடியாத ஒரு பெயராகவும் ஆகிவிடும்.

வரிசையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதலில் நடப்பதைச் சொல்லுங்கள்: ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். ரத்தத்தில் சீனி கூடக்கூட, அந்த அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் அந்த அணு சாகும்வரை பெரும்பாலும் போகாது. நூறு ஹீமோகுளோபினில் எத்தனையில் சீனி ஒட்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அந்த எண்ணுக்குத்தான் எச்பிஏ1சி என்று பெயர், தாளில் இந்த வரியில் இருக்கும். பொருள் முன்னால், பெயர் பின்னால், விரல் தாளின் மேல். ஐந்தே வாக்கியம். யாரும் யாரையும் குழந்தையாக்கவில்லை.

உவமை வேண்டுமென்றால் மின்சார பில் போதும். விரல் குத்துவது, மீட்டர் இப்போது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பது. எச்பிஏ1சி, மாதக் கடைசியில் வருகிற பில். மீட்டர் பார்க்க ஆள் வரும்போது ஏர்கோனை அணைத்தாலும் பில் மாறாது. கிளினிக் தேதிக்கு முந்தின இரண்டு நாள் பட்டினி கிடப்பவர்கள் இந்த இடத்தில் தாமாகவே சிரிப்பார்கள், யாரையும் சுட்டவேண்டியதில்லை. ஆனால் உவமை எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். பில் மாதாமாதம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், கூட்டுத்தொகையைக் காட்டும். இது சராசரி, பூஜ்யமாகவும் ஆகாது. கடைசி ஒரு மாதத்துச் சீனிக்கு இதில் ஏறக்குறையப் பாதிப் பங்கு உண்டு. உடையும் இடத்தை மறைத்தால் கூட்டத்தில் விவரம் தெரிந்தவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொள்வார், பிறகு பேச்சு அவருடையது.

பினாங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் இருப்பார்கள்? தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பாட்டி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருக்கும் பேரன், பின்வரிசையில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ். பாட்டியைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, குரலை உயர்த்தி, "அம்மாங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றீர்களானால் அங்கேயே முடிந்தது. இருபது வருடமாகத் தன் உடம்பில் ஊசி போட்டுக்கொள்கிறவர் அவர். "சிம்ப்பிளா சொன்னா" என்பதும் அதே ரகம்தான். அதை எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பாருங்கள், ஒன்றும் குறையாது.

தெரிந்தவர்களை மறந்துவிட்டு எளிமையாக்குவதும் ஒரு மரியாதைக் குறைவே. அவர்களுக்கென்று தனி உரை வேண்டாம், இடையில் ஒரு வரி போதும். டெக்னீஷியனுக்கு: எச்பிஏ1சியை 1.59ஆல் பெருக்கி 2.59ஐக் கழித்தால் மில்லிமோல் சராசரி வரும். தமிழ்நாட்டு யூடியூப் பார்ப்பவர்களுக்கு: அங்கே "சுகர் 140" என்பது வேறு அலகு, 18ஆல் வகுத்தால் நம் கணக்கில் 7.8. நர்ஸுக்கு: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எண் பொய்யாக ஏறும், தலசீமியா போல சிவப்பணு சீக்கிரம் அழியும் நிலைகளில் பொய்யாக இறங்கும். இந்தக் கடைசி வரி பாட்டிக்கும் உதவும். விரல் குத்துவதும் தாளும் மாதக்கணக்கில் பொருந்தவே இல்லையென்றால், "எனக்கு ரத்தச்சோகை இருக்கான்னு பாருங்க டாக்டர்" என்று கேட்க அவருக்கு வழி கிடைக்கிறது.

"புரியுதா?" என்று கேட்காதீர்கள். நம் கூட்டத்தில் அதற்கு வரும் பதில் எப்போதும் தலையாட்டல். அதற்குப் பதிலாக, பெயரில்லாத மாதிரித் தாள் ஒன்றை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுங்கள். வெறும்வயிற்றுச் சீனி 6.1, எச்பிஏ1சி 8.2 என்று போட்டு, "இவருக்கு எந்த நேரத்துல சீனி ஏறுது?" என்று கேளுங்கள். காலையில் 6.1, ஆனால் சராசரி 10க்கு மேல் என்றால், ஏறுவது பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். இதைப் பாட்டிதான் முதலில் சொல்ல வாய்ப்பு அதிகம், ராத்திரி ஒன்பது மணி ரொட்டி சானாய் பற்றி அவருக்குத் தெரியும். தவறான பதில் வந்தால், "நான் வரிசையைச் சரியா சொல்லல" என்று பழியை நீங்கள் எடுத்துக்கொண்டு மறுபடி தாளைக் காட்டுங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு இப்படி இரண்டு பெயர் தாங்கும். எச்பிஏ1சி ஒன்று, சிறுநீரகத்துக்கு ஈஜிஎஃப்ஆர் ஒன்று. கொழுப்புக்கு எல்டிஎல், எச்டிஎல், சிறுநீரில் கசியும் புரதத்துக்கு ஏசிஆர் என்று எல்லாவற்றையும் அன்றே முடிக்கப் பார்த்தால் வீட்டுக்குப் போகும்போது எழுத்துகள் கலந்துவிடும். ஈஜிஎஃப்ஆரில் எண் குறைந்தால் கெட்டது, எச்பிஏ1சியில் கூடினால் கெட்டது. திசை எதிரெதிர். அதனால் மாதிரித் தாளில் அந்த இரண்டு வரிக்கும் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்துவிடுங்கள், அடுத்த அப்பாய்ன்ட்மெண்டுக்கு மடித்துக் கைப்பையில் எடுத்துப் போவார்கள்.