உதடு வெடிப்பும் ஒரு மாதக் கெடுவும்

“முகப்பருவுக்குச் சாப்பிட்ட ஐசோட்ரெடினோயின் மாத்திரையை நிறுத்தியதும் உதடு சரியாகிவிட்டது. இனி கர்ப்பத்துக்கு முயலலாமா?”

உதட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கடைசி ஐசோட்ரெடினோயின் மாத்திரைக்குப் பிறகு முழுதாக ஒரு மாதம் கருத்தடை தொடர வேண்டும். சாப்பிட்ட நாட்கள் குறைவு என்றாலும் இதே கெடுதான். கருவின் மூளை, இதயம், முகம், காது உருவாவதையே இந்த மருந்து கெடுக்கக்கூடியது. அந்த மாதம் ரத்த தானமும் கூடாது, அது ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம். நான் சாப்பிட்டபோது வாயோரம் பிளந்து கொட்டாவி விடவே பயம், வாசலின்தான் துணை. ஆனால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறியதை எந்த அறிகுறியும் காட்டவில்லை, வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனைதான் காட்டியது. மருத்துவர் அளவைக் குறைத்தார். அப்புறம், மாதவிடாய் தள்ளினால் காத்திருக்காமல் உடனே பரிசோதித்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.