ஐந்து வரிக்குள் ஒரு வருடம்

டிசம்பர் என்றால் திருகோணமலையில் மழைக் காலம். கரையோர விடுதிகளில் வேலை செய்பவர்களுக்கு அதோடு வருடாந்த மதிப்பீட்டுப் படிவமும் வரும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் மே தொடங்கி செப்டம்பர் வரை மூச்சுவிட நேரமில்லாத உழைப்பு. படிவம் கைக்கு வருவதோ, அறைகள் பூட்டிக் கிடக்கும் வாடைக் காலத்தில். “இவ்வருடம் நீங்கள் ஆற்றிய பணிகள்” என்று ஒரு தலைப்பு, அதன் கீழே ஐந்து கோடுகள். போன கிழமை காற்றில் பறந்த கூரைத் தகடு நினைவில் நிற்கிறது. மே மாத வெயிலில் செய்த வேலை எங்கோ போய்விடுகிறது.

பல வருடங்களாக ஒரு விடுதியின் பராமரிப்புப் பிரிவுப் படிவங்களை வாசித்து, மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். வருடம் முழுவதையும் அந்தக் கோடுகளுக்குள் திணிக்க முயல்பவருக்கு ஐம்பது வரி கொடுத்தாலும் போதாது. நான்கு விடயங்களைத் தெரிந்தெடுத்து மற்றவற்றைத் துணிந்து விடுபவருக்கு ஐந்து வரி தாராளம்.

அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. சமையல், வரவேற்பு, பராமரிப்பு, கணக்கு என்று எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இருப்பார்கள். சம்பள உயர்வுக்கு ஒதுக்கிய தொகை ஒன்றுதான். உங்கள் வேலையைக் கண்ணால் காணாத நான்கு பேரிடம் உங்கள் மேலதிகாரி அந்த வரிகளை வாசித்துக் காட்டி வாதாட வேண்டும். “அப்படியா, எப்படித் தெரியும்?” என்று ஒருவர் கேட்டால், பதில் அந்த வரியிலேயே இருக்க வேண்டும்.

எங்கள் பராமரிப்பு மேற்பார்வையாளர் தம்பி ஒருவரின் படிவத்தை எடுத்துக்கொள்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் அவர் எழுதியது இது: “குளிரூட்டி, நீர்ப்பம்பி, மின்பிறப்பாக்கி பராமரிப்பு வேலைகள் சிறந்த முறையில் மேற்கொள்ளப்பட்டன.” அடுத்த நான்கு வரிகளும் இதே மாதிரி. ஒரு பொய்யும் இல்லை. ஆனால் இலங்கையிலுள்ள எந்த விடுதியின் எந்தப் பராமரிப்பாளரும் இதே வரியை எழுதலாம். யார் செய்தார், செய்ததால் எது மாறியது என்று அதில் தேடினாலும் கிடைக்காது.

“அண்ணை, என் வேலையே ஒன்றும் பழுதாகாமல் பார்ப்பதுதான். நடக்காத ஒன்றை எப்படி எழுதுவது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பராமரிப்பு, துப்புரவு, காவல், கணக்கு எல்லாவற்றுக்கும் இந்த இடர்ப்பாடு இருக்கிறது. நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. ஆகவே நடக்காததை, போன வருடம் நடந்ததன் பக்கத்தில் வைத்துத்தான் காட்ட முடியும்.

அதற்கு முறைப்பாட்டுப் பதிவேட்டைத் திறந்தோம். கடல் பக்கத்து அறைகளின் ஏசிகளில், வெளியே பூட்டியிருக்கும் பெட்டிதான் முதலில் சாகும். உப்புக் காற்று அதன் அலுமினியத் தகடுகளில் படிந்து அரிக்கும். வெப்பம் வெளியேறாது. கம்ப்ரசர் சூடேறி அடிக்கடி நின்று, ஒரு நாள் எரிந்தே போகும். தம்பி மார்ச்சில் ஓர் ஒழுங்கைத் தொடங்கியிருந்தார்: மாதம் இரு முறை அந்தப் பெட்டிகளைக் குறைந்த அழுத்தத்தில் நன்னீரால் கழுவுவது. விடுதிக் கிணறு கோடையில் உவர்த்துவிடும் என்பதால் குழாய்த் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவரும் அவர்தான். இதை அவர் படிவத்தில் எழுதவே இல்லை. “கழுவுவதெல்லாம் ஒரு வேலையா” என்று விட்டுவிட்டார்.

இரண்டு வருடத்து மே முதல் செப்டம்பர் வரையான ஏசி முறைப்பாடுகளை எண்ணினோம். நவம்பரோடு ஜூலையை ஒப்பிட்டால் எந்த எண்ணும் அழகாகத்தான் தெரியும். அதனால் அதே மாதங்களை அதே மாதங்களோடுதான் வைத்தோம். கடல் பக்கம் 24 அறைகள். அவற்றில் ஆறுக்குப் பெப்ரவரியில் புது ஏசி பூட்டியிருந்தார்கள். அந்த ஆறில் முறைப்பாடு குறைந்ததற்குக் கழுவியது காரணம் என்று சொல்ல முடியாது. அவற்றை நீக்கினோம். மீதி 18 அறைகளில் போன வருடம் 46 முறைப்பாடுகள், இவ்வருடம் 17. விருந்தினர் குறைந்ததால் முறைப்பாடும் குறைந்ததா என்று கூட்டத்தில் நிச்சயம் கேட்பார்கள். வரவேற்புப் பகுதியில் விசாரித்தோம். அறைகள் நிரம்பிய இரவுகள் இரண்டு வருடமும் ஏறக்குறைய சமம்.

இப்போது வரி இப்படி வந்தது: “கடல் பக்கத்துப் பழைய ஏசிகள் 18ஐயும் மார்ச் முதல் மாதம் இரு முறை நன்னீரில் கழுவும் ஒழுங்கைத் தொடங்கினேன்; மே–செப்டம்பர் முறைப்பாடு 46இலிருந்து 17ஆகக் குறைந்தது, கம்ப்ரசர் மாற்றம் நான்கிலிருந்து ஒன்றானது.” இதற்கு இரண்டு கோடுகள் போயின. போகட்டும். அந்த வருடத்தின் முதன்மையான வேலை அதுதான்.

மூன்றாவது வரியில் தன் கீழ் வேலை செய்யும் இரண்டு பையன்களைப் பற்றி எழுதினார். வாயுக் கசிவைக் கண்டுபிடிக்க முன்பு அவர் ஒருவரால்தான் முடியும். பொறுமையாகப் பழக்கினார். ஜூலையில் அவர் இரண்டு வாரம் விடுமுறையில் நின்றபோது வெளியாள் யாரையும் கூப்பிட வேண்டி வரவில்லை. “ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்தேன்” என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது?

நான்காவது வரி, முடியாமல் போன வேலைக்கு. மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கி தானாக இயங்கும் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது; உதிரிப்பாகம் வந்து சேரவில்லை. இதை எழுதத் தம்பி தயங்கினார். எழுதத்தான் வேண்டும் என்றேன். கூட்டத்தில் மற்றவர்களுக்கு அது எப்படியும் தெரியும். அவர் சொல்லாவிட்டால் மறைத்ததாகப் போகும். ஏன் நின்றது, அதுவரை கையால் மாற்ற என்ன ஏற்பாடு, எப்போது முடியும் என்று ஒரே வரியில் எழுதினார்.

கடைசி வரியில் அடுத்த வருடம்: குளிர்சாதன அறையின் வெளிப்பெட்டிகளையும் இதே ஒழுங்குக்குள் கொண்டுவருவது, அதற்கு மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும் என்ற கோரிக்கை. முதலாவது வரியின் எண்ணே அந்தக் குழாய்க்குக் காரணம் சொல்லிவிடுகிறது.

பம்பிகள், வண்ணப்பூச்சு, விழாக்களுக்கு விளக்குப் போட்டது, பங்குபற்றிய பயிற்சிப் பட்டறை எல்லாம் வெளியே போயின. தம்பிக்கு மனம் வரவில்லை. பம்பிக்காக அவர் விழித்த இரவுகள் எனக்கும் தெரியும். அவற்றைத் தனித் தாளில் எழுதி, என்னோடு நேரில் பேசும்போது கொண்டுவரச் சொன்னேன். அவருடைய பதவி விபரத்தில் ஏற்கெனவே இருக்கும் வேலை, வழமைபோல் நடந்திருந்தால், அந்த ஐந்து கோட்டில் இடம் கேட்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு.

படிவத்தை அனுப்புகிறவர்களிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எங்களிடம் வருவது ஆங்கிலப் படிவம். ஏசியின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மனிதன், அந்தப் படிவத்துக்கு முன்னால் பேனாவோடு குன்றிப்போய் இருக்கிறான். சரளமாக ஆங்கிலம் எழுதும் முன்மேசைப் பிள்ளைகளின் வரிகளோடு அவனுடைய வரிகளை ஒரே மேசையில் வைத்து எடைபோடுகிறோம். அது வேலையை அளப்பதாகாது. தமிழிலோ சிங்களத்திலோ எழுதிக் கொடுக்க விடுங்கள். பிரிவுத் தலைவர்களே, படிவத்தைப் பருவம் முடிந்த கையோடு ஒக்டோபரில் கொடுங்கள், பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். உங்கள் ஆட்களோடு அரை மணித்தியாலம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எண்ணத் தெரியாததால் ஒருவரின் சம்பள உயர்வு போகக் கூடாது.