மே தின ராத்திரியில் ஒரு மணி நேரத்தின் விலை

சென்னையில் உட்கார்ந்து மணிலா ஊழியர்களுக்குச் சம்பளக் கணக்குப் போடுவது என் வேலை. பிலிப்பைன்ஸ் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும், ஊழியர்களின் பணம் அதிகம் கசிகிற பகுதியும் ஒன்றுதான்: ஒரே ஷிஃப்டில் ஓவர்டைம், இரவு நேரம், அரசு விடுமுறை மூன்றும் சேர்ந்து வரும்போது என்ன கணக்கு என்பது. அதைப் பற்றி எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. இந்த மூன்று கூடுதல் தொகைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கித்தான் கொடுக்க வேண்டும், தனித்தனியாக அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிட்டுக் கூட்டக் கூடாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

முதலில் விழுக்காடுகள். அங்கே தொழிலாளர் சட்டத்தொகுப்பு 1974-இல் வந்தது. அதன்படி சாதாரண நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தால் அந்த நேரத்துக்கு 25 விழுக்காடு கூடுதல். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையிலான நேரத்துக்கு 10 விழுக்காடு கூடுதல். இதை நைட் டிஃபரன்ஷியல் என்பார்கள். மே தினம், சுதந்திர தினம், கிறிஸ்துமஸ் போன்ற 'ரெகுலர் ஹாலிடே' அன்று வேலை செய்தால் முதல் எட்டு மணி நேரத்துக்கு 200 விழுக்காடு. அன்றைக்கே ஓவர்டைமும் செய்தால், அன்றைய மணிச் சம்பளத்தில் இன்னொரு 30 விழுக்காடு. ('ஸ்பெஷல் டே' என்று வேறொரு வகை விடுமுறை உண்டு. அதன் விகிதங்கள் வேறு, அதை இங்கே இழுக்கவில்லை.)

'அன்றைய மணிச் சம்பளத்தில்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த 30 விழுக்காடு நூறின் மேல் இல்லை, இருநூறின் மேல். ஆக 260. இரவு நேரமாகவும் இருந்தால் அந்த 10 விழுக்காடு 260-இன் மேல் வரும். ஆக 286. பெருக்கல் என்பதால் எதை முதலில் போட்டாலும் விடை மாறாது. ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினால் 200, 30, 10 சேர்ந்து 240-இல் நின்றுவிடும். ஒரு மணி நேரத்துக்கே 46 விழுக்காடு போச்சு.

ஒரு ஆளை வைத்துப் பார்ப்போம். நாளுக்கு 800 பெசோ, அதாவது மணிக்கு 100 பெசோ வாங்குகிற ஒருவர் மே 1 பிற்பகல் 2 மணிக்கு வேலைக்கு வருகிறார். 6 மணியிலிருந்து 7 வரை சாப்பாட்டு இடைவேளை, அதற்குச் சம்பளம் இல்லை. இரவு 11 மணிக்கு எட்டு மணி நேரம் முடிகிறது. அடுத்த ஷிஃப்டில் ஆள் குறைவு என்று அதிகாலை 3 மணி வரை இருக்கச் சொல்கிறார்கள்.

இரவு 10 மணி வரையிலான ஏழு மணி நேரமும் விடுமுறை நாளின் சாதாரண நேரம். மணிக்கு 200 வீதம் 1,400. பத்திலிருந்து பதினொன்று வரை விடுமுறையோடு இரவும் சேர்கிறது, அதற்கு 220. பதினொன்றிலிருந்து நள்ளிரவு வரை மூன்றும் சேர்கின்றன. அந்த ஒரு மணி நேரத்துக்கு 286.

நள்ளிரவு தாண்டினால் மே 2, விடுமுறை முடிந்தது. ஆனால் அவருடைய ஓவர்டைம் முடியவில்லை, இரவும் முடியவில்லை. நூறின் மேல் 25 விழுக்காடு, அதன் மேல் 10 விழுக்காடு, மணிக்கு 137.50. மூன்று மணி நேரத்துக்கு 412.50. மொத்தம் 2,318.50 பெசோ.

ஷிஃப்ட் தொடங்கிய தேதியை வைத்து முழு ஷிஃப்டையும் விடுமுறையாகக் கணக்கிடும் நிறுவனம் இவருக்கு அந்தக் கடைசி மூன்று மணி நேரத்துக்கும் 286 கொடுக்கும். இவருக்கு லாபம்தான், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே விதி, ஏப்ரல் 30 இரவு 10 மணிக்கு வந்து மே 1 காலை 7 மணிக்குப் போகிறவரின் விடுமுறைப் பணத்தை அப்படியே விழுங்கிவிடும், ஏனென்றால் அவர் 'தொடங்கியது' சாதாரண நாளில். அதனால்தான் நள்ளிரவில் வெட்டிக் கணக்கிடுவதே நியாயம் என்கிறேன். கூடுதலாகக் கொடுக்க விரும்பும் நிறுவனம் அதற்கு மேலே கொடுக்கட்டும்.

மாதச் சம்பளக்காரர்களிடம் இன்னொரு சிக்கல் இருக்கிறது, எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான். அவர்களுடைய மாதச் சம்பளத்திலேயே மே 1-க்கான 100 விழுக்காடு அடங்கியிருக்கிறது. அதனால் முதல் எட்டு மணி நேரத்துக்கு 200-இல் நூறைக் கழித்துவிட்டு மீதி நூறைத் தனியாகக் கொடுத்தால் போதும். அது சரியான கணக்குதான். ஆனால் ஒன்பதாவது மணி நேரம் மாதச் சம்பளத்துக்குள் இல்லவே இல்லை. அதற்கு முழு 260, இரவானால் முழு 286 தனியாக வர வேண்டும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தின் பேரோல் மென்பொருளில் 'விடுமுறை என்றால் நூறைக் கழி' என்ற ஒரே விதியை எல்லா மணி நேரத்துக்கும் போட்டிருந்தார்கள். ஓவர்டைமுக்கு 286-க்குப் பதில் 186 போய்க்கொண்டிருந்தது. அதாவது விடுமுறை இரவில் செய்த ஓவர்டைம் மணிக்கு ஒரு முழு மணிச் சம்பளமே காணோம். பே ஸ்லிப்பில் 'ஹாலிடே பே' என்று மொத்தமாக ஒரே வரி இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இப்படிப் பெருக்கினால் முதலாளிக்குச் செலவு ஏறாதா என்று கேட்பார்கள். ஏறும். ஏறத்தான் வேண்டும். ஓவர்டைமுக்கான பணம் எட்டு மணி நேரம் உழைத்துக் களைத்த உடம்புக்கு. இரவுக்கான பணம் தூக்கத்துக்கு. விடுமுறைக்கான பணம் வீட்டில் இருந்திருக்க வேண்டிய நாளுக்கு. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் மற்றது இல்லாதது போல விலை போடுவது எப்படிச் சரியாகும்?

நம்ம ஊரில் இந்த அடுக்கு இவ்வளவு உயரம் இல்லை. 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்றது, மணிலாவின் 25 விழுக்காட்டை விட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்தச் சட்டத்தில் இரவு வேலைக்கென்று கூடுதல் விழுக்காடு கிடையாது. நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் என்று கைக்கு வருவது ஒப்பந்தத்தில் பேசி வாங்கியதுதான். ஓவர்டைமில் அவர்கள் நம்மிடமிருந்தும், இரவு வேலையில் நாம் அவர்களிடமிருந்தும் கற்றுக்கொள்ள இடமிருக்கிறது.

அங்கே வேலை செய்கிற யாராவது இதைப் படித்தால், அல்லது அங்கே நண்பர்கள் இருந்தால், பே ஸ்லிப்பில் விடுமுறை இரவின் ஓவர்டைமை நள்ளிரவுக்கு முன், பின் என்று பிரித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நள்ளிரவுக்கு முந்தைய தொகையை மணி நேரத்தாலும், பிறகு சாதாரண மணிச் சம்பளத்தாலும் வகுத்துப் பாருங்கள். 2.86 வந்தால் சரி. 2.60 வந்தால் இரவுப் பணம் விடுபட்டிருக்கிறது. 2.70 என்றால் இரவுக்கான பத்து விழுக்காட்டை வெறும் அடிப்படைச் சம்பளத்தில் போட்டிருக்கிறார்கள். 2.40 என்றால் எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறார்கள். 1.86 என்றால் மேலே சொன்ன அந்த நூறு கழிந்திருக்கிறது. அப்போது அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் திருத்தச் சொல்லாதீர்கள். முந்தைய மூன்று ஆண்டுகளின் விடுமுறை நாள்களையும் சேர்த்துக் கேளுங்கள், பணம் சார்ந்த கோரிக்கைகளுக்கு பிலிப்பைன்ஸ் சட்டம் கொடுக்கிற காலக்கெடு அதுதான்.