நீலமும் நீலமும் சேர்ந்து கூழான கதை

அந்தச் செம்பனைப் பழக்குலை லோரியின் முன் இடது சக்கரத்தில் கிரீஸ் ஒழுகி பிரேக் பிடிக்காமல் போனதை வைத்து வாட்சாப் குழுவில் மூன்று நாளாக நடந்த கூத்தை எல்லாரும் பார்த்தீர்கள். டிரைவரைத் திட்டினார்கள், சீல் விற்ற கடையைத் திட்டினார்கள். பழைய கிரீஸ் என்ன வகை, மேலே போட்ட புதுக் கிரீஸ் என்ன வகை என்று நான் கேட்டதற்கு, "ரெண்டும் நீலம்தானே, இதுல என்னண்ணே இருக்கு?" என்று சிரிப்புப் பொம்மை. பரவாயில்லை. சிரித்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நிறம் சாயம். அவ்வளவுதான். கம்பெனிக்காரன் விரும்பினால் சிவப்பு, விரும்பினால் பச்சை. கிரீஸ் என்பது எண்ணெய். அதைப் பஞ்சு மாதிரி பிடித்து வைத்திருப்பது கெட்டிப்பொருள், டின்னில் திக்கனர் என்று போட்டிருக்கும். லோரிச் சக்கரத்தின் நடுவே பேரிங் உட்காரும் ஹப்பில் பெரும்பாலும் லித்தியம் அல்லது லித்தியம் காம்ப்ளெக்ஸ். மில்லில் கரண்டு மோட்டார் பேரிங்குக்கு வாங்குவது பல இடங்களில் பாலியூரியா. இரண்டிலும் நீலம் உண்டு. மில் ஸ்டோரில் மிச்சமான டிரம் பட்டறைக்கு வந்ததும், போர்மேன் பழைய நீலத்தின் மேலேயே புது நீலத்தை அப்பியதும்தான் இங்கே நடந்தது. டிரம் லேபிளைக் குழுவில் போட்டதே நீங்கள்தான். பாலியூரியா என்று அதில் தெளிவாக இருக்கிறது. யாரும் படிக்கவில்லை.

லித்தியம் சோப்பு என்ற கெட்டிப்பொருள் பின்னும் வலை ஒரு விதம், பாலியூரியா பின்னும் வலை வேறு விதம். பல சமயம் ஒன்று மற்றதைக் குலைத்துவிடும். எண்ணெய் பிடியில்லாமல் ஒழுகும். சில ஜோடிகள் எதிர்மாறாக இறுகிப்போய் ரோலருக்கு எண்ணெயே விடாது. "ரெண்டும் நம்பர் 2 கிரீஸ்" என்றார் ஒருவர். 2 என்பது கெட்டித்தன்மையின் எண். இரண்டு 2 சேர்ந்து 0 மாதிரி தளர்ந்துபோவதும் உண்டு.

அந்த லோரியில் நடந்ததை வரிசையாகப் பாருங்கள். கிரீஸ் போட்ட மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மூன்று வாரம் ஓடி, பிரேக் சூடும் ரோலர் மிதிப்பும் பட்ட பிறகுதான் கலவை கூழானது. கூழ், ஹப்பின் உள்பக்கத்தை அடைக்கும் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைத்தது. இடது பக்கம் பிரேக் பிடிக்கவில்லை, மிதித்தால் லோரி வலது பக்கம் இழுத்தது. சீல்தான் குற்றவாளி என்கிறவர்கள், ஹப் மூடியைத் திறந்தபோது எடுத்த படத்தை இன்னொரு முறை பாருங்கள். மூடிக்குள்ளேயே கஞ்சி மாதிரி வழிகிறது. மூடிப் பக்கம் சீலுக்கு என்ன வேலை? முன் சக்கரம் என்பதால் பின் அச்சின் டிஃபரென்ஷியல் எண்ணெய் வந்தது என்றும் சொல்ல முடியாது.

"விரலில் தேய்த்துப் பார்த்தோம், நன்றாகத்தான் கலந்தது." ஆமாம், கலக்கும். சூட்டிலும் நசுக்கலிலும் தாங்குமா என்பதுதான் கேள்வி. தரநிலை அமைப்பான ஏ.எஸ்.டி.எம்.மின் டி6185 சோதனை இதற்காகவே இருக்கிறது: இரண்டையும் கலந்து, எந்தச் சூட்டில் சொட்டுகிறது, பிசையப் பிசைய எவ்வளவு தளர்கிறது, சூட்டில் வைத்தால் எப்படி ஆகிறது என்று பார்ப்பார்கள். விரலுக்கு அது தெரியாது.

"எல்லாக் கலவையும் கெடுமா?" கெடாது. லித்தியமும் லித்தியம் காம்ப்ளெக்ஸும் பொதுவாகச் சேரும், நிறம் வேறாக இருந்தாலும். ஒரு சில பாலியூரியா லித்தியத்தோடு ஒத்துப்போகும். அதைத் தயாரித்தவன் எழுத்தில் சொல்ல வேண்டும், காப்பிக்கடையில் அல்ல. பெண்டோனைட் களிமண் கிரீஸ் ஏறக்குறைய எதனோடும் சேராது. பழையது எது என்றே தெரியாவிட்டால் கழுவத்தான் வேண்டும்.

கழுவுவது என்றால் மேலாகத் துடைப்பதில்லை. உள் பேரிங், வெளி பேரிங் இரண்டையும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, முழுக்கக் காய விட வேண்டும். காற்றடித்துச் சுழற்றக் கூடாது, ரோலர் தெறிக்கும். ஹப் குழியையும் ஸ்பிண்டிலையும் பழைய நிறம் தெரியாத அளவுக்குத் துடையுங்கள். புதுக் கிரீஸை ரோலரின் அகலப் பக்கத்திலிருந்து அழுத்துங்கள், குறுகிய பக்கத்தில் பிதுங்கி வரும் வரை. ஹப் குழியில், பேரிங்கின் வெளி வளையமான கப்பின் உள்விளிம்பு மட்டம் வரை போதும். முழுக்க அடைத்தால் சூடேறி சீலைத் தள்ளும். சீல் புதுசு போட வேண்டும். நனைந்த லைனிங் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். நட் இறுக்கம் அந்த லோரியின் மேனுவல்படி.

"அரை நாள் வேலை போகுமே" என்றீர்கள். போகும். மண்சாலையில் பழக்குலை ஏற்றிய லோரி ஒரு பக்கம் பிரேக் இல்லாமல் இறங்கியபோது அந்த அரை நாள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. "பெரிய இன்ஜினியர் வந்துட்டாரு" என்று எழுதிய தம்பிக்கும் பதில் வைத்திருந்தேன், அழித்துவிட்டேன்.

அந்த நீல டிரம்மில் பாதி மிச்சம் இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை வலது சக்கரத்துக்குப் போடுகிறார்களாம்.