சிம் மாற்றியதும் யுபிஐ ஏன் மறுக்கிறது?

புதிய கைபேசியிலோ புதிய சிம்மிலோ யுபிஐ செயலி பணம் அனுப்ப மறுப்பதற்குப் பெரும்பாலும் தக்க காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லாமல், ‘மீண்டும் முயலவும்’ என்று மட்டும் திரையில் காட்டி மக்களை அலைக்கழிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பதிவின்போது செயலி நம் கைபேசியிலிருந்தே குறியாக்கம் செய்யப்பட்ட ஒரு எஸ்எம்எஸ்ஸை வங்கித் தரப்பு எண்ணுக்கு அனுப்புகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்த எண்ணையும் சிம்மையும் கைபேசியையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறார்கள். ஓடிபியை ஏமாந்து பிறரிடம் வாசித்துக் காட்டிவிடலாம். இந்த எஸ்எம்எஸ்ஸோ நம் சிம்மிலிருந்தே போயாக வேண்டும். சிம்மையோ கைபேசியையோ மாற்றினால் பிணைப்பு அறுந்துபோகும், எஸ்எம்எஸ்ஸும் மறுபடி போக வேண்டும்.

என் சித்தப்பா சிம் தொலைந்து, அதே எண்ணில் வேறு சிம் வாங்கினார். திங்கள் காலை 11 மணிக்கு அது உயிர்பெற்றது. அழைப்பு வந்தது, இணையமும் கிடைத்தது, யுபிஐ பதிவு மட்டும் நடக்கவில்லை. பிறர் எண்ணைக் களவாடி டூப்ளிகேட் சிம் வாங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடியைத் தடுக்க, சிம் மாற்றியபின் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படுகிறது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. செவ்வாய் மதியம் பதிவு முடிந்தது. யுபிஐ பின் எண் வங்கியிடம் இருப்பதால் பழையதே செல்லுபடியானது. ஆனால் வாடகை 12,000 ரூபாயை அனுப்ப முயன்றபோது செயலி மறுத்துவிட்டது, ஏனென்றால் புதிய பிணைப்புக்குப்பின் முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் 5,000 ரூபாய்தான் அனுப்பலாம். ஐபோன் என்றால் சில வங்கிகள் இந்த வரம்பை 72 மணி நேரம் வரை வைத்திருக்கின்றன. புதன் மாலை வாடகை போய்ச் சேர்ந்தது.

இந்தக் காத்திருப்புகளை நான் எதிர்க்கவில்லை. ‘உங்கள் வரம்பு நாளை மதியம் நீங்கும்’ என்று ஒரு வரி காட்டியிருந்தால் அவர் வீட்டு உரிமையாளரிடம் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டாம்.

எங்கே தடைபட்டது என்பதை மெசேஜ் செயலியைத் திறந்தாலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். பொருள் புரியாத எழுத்துக்கோவையுடன் ஒரு எஸ்எம்எஸ் அங்கே ‘அனுப்பப்படவில்லை’ என்று நின்றால், சிம் தடைக்காலமோ, எஸ்எம்எஸ் இல்லாத ரீசார்ஜ் திட்டமோ, சிம்மில் காசு இல்லாததோ காரணமாக இருக்கும். போய்விட்டும் சரிபார்ப்பு தோற்றால், இரட்டை சிம் கைபேசியில் அது மற்ற சிம்மிலிருந்து போயிருக்கக்கூடும். எண் சரிபார்க்கப்பட்டும் கணக்கு தெரியவில்லை என்றால் வங்கியில் பதிவான எண் வேறு. அதை வங்கியில்தான் மாற்ற வேண்டும்.

அந்த எழுத்துக்கோவையை யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது. உதவி மையம் என்று பேசும் ஒருவர், தான் தரும் எழுத்துக்களை உங்கள் சிம்மிலிருந்து ஒரு எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அவருடைய கைபேசியை உங்கள் எண்ணுடன் பிணைக்கப் பார்க்கிறார் என்று பொருள். உடனே அழைப்பைத் துண்டியுங்கள். அனுப்பிவிட்டிருந்தால், தாமதிக்காமல் வங்கியை அழைத்து யுபிஐயை முடக்கச் சொல்லிவிட்டு சைபர் மோசடிக்கான 1930 எண்ணில் புகார் கொடுங்கள்.