பி.பி. நார்மல் ஆனதும் மெட்டோப்ரோலாலை நிறுத்தலாமா?

"அப்பாவுக்கு அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம். பி.பி. இப்போது 118/74. மெட்டோப்ரோலால் பி.பி. மாத்திரைதானே, இனி தேவையில்லை."

118/74 என்பது மாத்திரை உள்ளே இருக்கும்போது எடுத்த அளவு. அட்டாக்குக்குப் பிறகு பொதுவாக 130/80-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். அப்பா அங்கேதான் இருக்கிறார். தவிர, இந்த மாத்திரை பி.பி.க்கு மட்டும் இல்லை. துடிப்பைக் குறைத்து, காயம்பட்ட இதயத் தசையின் ஆக்ஸிஜன் தேவையைக் குறைக்கிறது. ஆபத்தான தாறுமாறுத் துடிப்பையும் தடுக்கிறது. திடீரென்று விட்டால் அடங்கியிருந்த அட்ரினலின் தாக்கம் ஒரேயடியாக எகிறும். நெஞ்சுவலி திரும்பலாம், இன்னொரு அட்டாக்கே வரலாம். நிறுத்துவதானால் டாக்டர் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்.

"எல்லாருக்கும் ஆயுள் முழுக்க வேண்டாம்" என்று சிலர் சொல்வதில் பாதி சரி. எக்கோவில் இ.எஃப்., அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 50 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு 2024-இல் வெளியான ரெட்யூஸ்-ஏஎம்ஐ ஆய்வில் பலன் தெரியவில்லை. அதே ஆண்டின் அபிஸ் ஆய்விலோ, நிறுத்தியவர்களுக்கு பி.பி.யும் துடிப்பும் ஏறின. விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆனால் இ.எஃப். 40 அல்லது அதற்குக் கீழே என்றால் விவாதமே இல்லை, தொடர வேண்டும். அதனால் பி.பி. மெஷினை விடுங்கள், எக்கோ ரிப்போர்ட்டை எடுங்கள்.

இந்த மாத்திரையில் பல்ஸ் 48, எழுந்தால் தலைசுற்றல் என்று இருப்பவர்களே, உங்கள் கதை வேறு. டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். இன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் கட்டாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம்.